கழுத்தில் பச்சை, பட்டமளிப்புப் படம்: மையை எடுத்தால் தோலும் சேர்ந்து போகிறது

பாகான்_படக்காரன் | செவ்வாய், இரவு 9.40

பட்டர்வொர்த்தில் அப்பா நடத்திய ஸ்டூடியோவை மூன்று ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் பட்டம் வாங்கியிருக்கிறாள். அங்கியும் தொப்பியும் போட்டு இடுப்பளவுப் படம் எடுத்தோம். இடது காதுக்குக் கீழே, கழுத்தில், மூன்று விரல் அகலத்துக்கு மல்லிகைக் கொடி ஒன்றைப் பச்சை குத்தியிருக்கிறாள். கோடுகள் நல்ல கறுப்பு. இலைகளுக்குள் இளஞ்சாம்பல் நிழல்.

அவளுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "பாட்டி வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற ஒரு படத்தில் மட்டும் வேண்டாம்" என்று அவளே சொன்னாள். 8ஆர் அளவில் ஒரே ஒரு படம்.

போட்டோஷாப்பில் `Healing Brush` வைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன். மை போய்விட்டது. ஆனால் அந்த இடம் சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்டதுபோல் வழவழவென்று இருக்கிறது. ஓரத்தில் கறுப்புப் புகை வேறு. கழுத்து மடிப்புக் கோடு பாதியில் நின்றுவிட்டது. தோலின் அந்தச் சொரசொரப்பை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

செந்தூல்_சரஸ் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, டியூப் ஒட்டு மாதிரி ஆவதற்குக் காரணம் நீங்கள் நேராகத் தோல் நிறத்தைப் பூசியதுதான். முதலில் ஆரஞ்சு கரெக்டர் வைக்க வேண்டும். நம் நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு, வெளுத்த தோலுக்கு பீச். மையின் நீலத்தை அது அடக்கும். அதற்கு மேல்தான் கன்சீலர், அதுவும் மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். ஒவ்வொரு படலமும் காய வேண்டும். கடைசியில் ஓட்டை பெரிதாக இருக்கும் சொரசொரப்பான ஸ்பாஞ்சில், தோலைவிட ஒரு படி கருத்த நிறத்தை இலேசாகத் தொட்டுத் தட்டினால் மயிர்க்கால் இருப்பதுபோல் தெரியும். பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். சில பவுடர்கள் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

பாகான்_படக்காரன் | செவ்வாய், இரவு 10.22

அக்கா, நான் கேட்டது கணினியில். படம் எடுத்து முடித்தாகிவிட்டது. பெண் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

செந்தூல்_சரஸ் | செவ்வாய், இரவு 10.25

அட, நான் ஒப்பனை என்று நினைத்துவிட்டேன். சரி, அடுத்த பெண்ணுக்கு உதவும். ஒன்று மட்டும்: அங்கிக் கழுத்துப்பட்டை உரசி என் பூச்சு முழுவதும் ஒரு தடவை அங்கியில் ஒட்டிக்கொண்டது. அங்கி வாடகை அங்கி. அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

வேகவிரல் | செவ்வாய், இரவு 11.02

இதற்குப் போய் இரண்டு மணி நேரமா? `Frequency Separation` செய்யுங்கள், பத்து நிமிடத்தில் முடியும். படத்தை இரண்டு அடுக்காக நகலெடுத்து, கீழ் அடுக்கை `Gaussian Blur` கொண்டு மங்கலாக்குங்கள். மேல் அடுக்கில் `Apply Image` கொண்டு கீழ் அடுக்கைக் கழித்து, `Linear Light` ஆக்குங்கள். இப்போது நிறம் கீழே, தோல் மேலே. கீழ் அடுக்கில் மையின் மேல் தோல் நிறத்தைப் பூசிவிட்டால் முடிந்தது. மேல் அடுக்கில் கையே வைக்க வேண்டாம், மயிர்க்கால்கள் அப்படியே இருக்கும்.

பாகான்_படக்காரன் | புதன், பிற்பகல் 1.10

செய்து பார்த்தேன். மங்கலாக்க 8 பிக்சல் வைத்தேன். கீழ் அடுக்கில் பூசியதும் இலைகளின் சாம்பல் அழகாக மறைந்தது. ஆனால் கொடியின் கோடுகள் ஆவி மாதிரி நிற்கின்றன. ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் வெளிறிய விளிம்பு. முன்பு டாட்டூ இருந்தது, இப்போது டாட்டூவின் எலும்புக்கூடு இருக்கிறது.

ஒளியச்சு | புதன், மாலை 6.30

பிரிக்ஃபீல்ட்ஸில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையைச் செய்கிறேன். முதலில் ஒரு சொல் தகராறு: பச்சை குத்தியதையும் பச்சை நிறத்தையும் ஒரே பதிவில் எழுதினால் நமக்கே தலை சுற்றும். நான் குத்தியதை "மை" என்றே எழுதுகிறேன்.

வேகவிரல் சொன்னது பாதி சரி. மங்கலாக்கும்போது 8 பிக்சலைவிட மெல்லியது எல்லாம் மேல் அடுக்குக்குப் போய்விடும். மயிர்க்கால் மெல்லியது, அதனால் மேலே போகும். மைக்கோட்டின் கூர்மையான ஓரமும் மெல்லியதுதான், அதுவும் மேலே போகும். கணினிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. நிழல் போட்ட இலைகளுக்குக் கூர்மையான ஓரம் இல்லை, எனவே அவை முழுக்கக் கீழே தங்கி, பூசியதும் மறைந்தன. நீங்கள் பார்த்த எலும்புக்கூடு இப்படித்தான் வந்தது.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மைக்கு அடியில் தோல் இருக்கிறதா, இல்லையா? மை மேல்தோலில் தங்குவதில்லை. அதற்கு அடியில் உள்ள தோலில் தங்குகிறது. நன்றாக ஆறிய டாட்டூவில் மேலே உள்ள மயிர்க்கால், ரேகை, பூனைமயிர் எல்லாம் அப்படியே இருக்கும். ஆக, தோல் படத்திலேயே இருக்கிறது, இருட்டில் இருக்கிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் போதும். நீங்கள் `Healing Brush` வைத்து இருந்த தோலையும் அழித்துவிட்டீர்கள்.

ஓரத்துப் புகைக்குக் காரணமும் அந்தத் தூரிகைதான். அது சொரசொரப்பை நீங்கள் காட்டிய இடத்திலிருந்து எடுக்கும், நிறத்தை மட்டும் நீங்கள் தேய்க்கும் இடத்தின் விளிம்பிலிருந்து எடுத்துக் கலக்கும். விளிம்பு மையின் மேல் விழுந்தால் கறுப்பைத்தான் கலக்கும்.

ஒரு கேள்வி. ரா கோப்பு இருக்கிறதா, ஜேபெக் மட்டுமா?

பாகான்_படக்காரன் | புதன், மாலை 6.48

ரா இருக்கிறது சார். நான் திருத்தியது ஜேபெக்கில்.

ஒளியச்சு | புதன், இரவு 8.15

அப்படியானால் திருத்தியதை ஓரமாக வைத்துவிட்டு, ராவை 16 பிட்டில் திறந்து புதிதாகத் தொடங்குங்கள். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். மூன்று இடங்களில் `Info` பலகை காட்டும் எண்களை எழுதி அனுப்புங்கள்: மைக்குப் பக்கத்தில் நல்ல தோல், இலையின் சாம்பல், கோட்டின் கறுப்பு.

பாகான்_படக்காரன் | புதன், இரவு 8.40

நல்ல தோல்: சிவப்பு 158, பச்சை 113, நீலம் 88.
இலைச் சாம்பல்: 118, 92, 78.
கோடு: 62, 58, 60.

ஒளியச்சு | புதன், இரவு 9.30

நன்றி. இந்த ஒன்பது எண்களில் எல்லாம் இருக்கிறது.

கோட்டைத் தோலாக்க வேண்டுமானால் சிவப்பை 62இலிருந்து 158க்குத் தூக்க வேண்டும், ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பச்சையை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக. நீலத்தை ஒன்றரை மடங்கு. மூன்றையும் ஒரே அளவில் தூக்கினால் வெளிச்சம் சரியாகிவிடும், ஆனால் நீலம் மிஞ்சிச் சாம்பல் பூத்த தோல் வரும். எனவே `Curves` அடுக்கில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி வளைவு.

இரண்டரை மடங்கு தூக்கும்போது அங்குள்ள இரைச்சலும் அதே மடங்கில் தூக்கப்படும். ஜேபெக்கில் இருட்டான இடத்தின் நிறத்தைக் கட்டம் கட்டமாகச் சுருக்கி வைத்திருப்பார்கள். தூக்கினால் சிவப்புச் சதுரங்கள் எழும்பும். ராவில் பொடிப் புள்ளிகள் மட்டும் எழும்பும், அவற்றைச் சமாளிக்கலாம்.

இலைச் சாம்பலைப் பாருங்கள். 118இலிருந்து 158, ஒன்றேகால் மடங்குக்குக் கொஞ்சம் கூட. அங்கே தோல் முழுதாகக் கிடைக்கும். அந்த இடத்தில் எதையும் கடன் வாங்கத் தேவையில்லை. எனவே இரண்டு `Curves` அடுக்குகள் வையுங்கள், சாம்பலுக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று.

எங்கே தூக்குவது என்று காட்டும் மாஸ்க்கைக் கையால் வெட்டாதீர்கள். தோல் சிவப்பு வாய்க்காலில் மிக வெளிச்சமாக இருக்கும், கறுப்பு மை அங்கேதான் மிகத் தெளிவாக நிற்கும். அந்த வாய்க்காலை நகலெடுத்து, `Levels` போட்டு மையும் தோலும் பிரியும்வரை இறுக்கி, தலைகீழாக்கினால் அதுவே மாஸ்க். நாள்பட்ட மை ஓரத்தில் கசிந்திருக்கும். இந்த மாஸ்க் அந்தக் கசிவையும் படிப்படியாகப் பின்பற்றும். மாஸ்க் ஒரு பிக்சல் சிறிதாக இருந்தால் கறுப்பு விளிம்பு, பெரிதாக இருந்தால் வெள்ளை விளிம்பு. விளிம்பின் நிறத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் தவறு என்று தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோடுகள் இருந்த இடத்தில் தோல் பலவீனமாக இருக்கும். அங்கே மட்டும் கடன். அதற்கு வேகவிரலின் மேல் அடுக்கு உதவும், ஆனால் அவர் சொன்னதற்கு நேர்மாறாக: மேல் அடுக்கில்தான் கை வைக்க வேண்டும். `Clone Stamp`, `Sample` என்பதில் `Current Layer`, தூரிகை ஓரம் கூர்மையாக. எடுக்கும் இடம் அதே கழுத்து, அதே வெளிச்சம், இரண்டு விரல் தூரத்துக்குள். கன்னத்திலிருந்து எடுக்காதீர்கள். கன்னத்தில் வட்ட வட்டமான மயிர்க்கால், கழுத்தில் குறுக்கும் நெடுக்குமான ரேகை. கழுத்தில் கன்னத்தோலை ஒட்டினால் என்ன தவறு என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று சொல்வார்.

வேகவிரல் | புதன், இரவு 10.05

16 பிட் என்றால் `Apply Image`இல் எண்கள் மாறும் என்பதையும் சொல்லியிருக்கலாம். 8 பிட்டுக்கு `Subtract`, `Scale` 2, `Offset` 128. 16 பிட்டுக்கு `Add`, `Invert` தேர்வு, `Scale` 2, `Offset` 0. தவிர, மேல் அடுக்கைத் தொட்டால் பிறகு இந்த முறைக்கே என்ன பொருள்? நான் வாரம் முப்பது திருமணப் படம் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

ஒளியச்சு | புதன், இரவு 10.20

எண்கள் சரி, நன்றி. முப்பது படத்தில் பருக்களும் கண் கீழ் நிழலும் இருக்கும். அவற்றுக்குக் கூர்மையான ஓரம் இல்லை, உங்கள் முறை நன்றாகவே வேலை செய்யும். கோட்டு மைக்குச் செய்யாது. உண்மையைச் சொன்னால் நான் இந்த அடுக்குப் பிரிப்பையே வருடத்தில் இரண்டு முறைதான் எடுக்கிறேன். மற்ற நாட்களில் வளைவும் சாதாரண குளோனும் போதும். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், போகட்டும்.

ஓய்வு_ஆசிரியர் | வியாழன், காலை 7.05

அன்பர்களே, எல்லாரும் போட்டோஷாப்பையே சொல்கிறீர்கள். அடியேன் இலவசமான ஜிம்ப்பைத்தான் வைத்திருக்கிறேன். அதில் `Wavelet decompose` என்று ஒன்று உண்டு. ஒரே சொடுக்கில் ஐந்து நுணுக்க அடுக்குகளாகவும் ஒரு மிச்ச அடுக்காகவும் பிரித்துத் தரும். ஐந்தில் எது தோல் என்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடித் திறப்பதுபோல் அணைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். காலஞ்சென்ற என் துணைவியாரின் பழைய படத்தில் ஒரு கீறலை இப்படித்தான் எடுத்தேன். மூன்று நாள் ஆயிற்று. எனக்கு நேரம் இருக்கிறது.

ஆயர்_ஈத்தாம்_அம்மணி | வியாழன், காலை 11.30

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு டாட்டூ இல்லை, தழும்பு. பத்து ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது எண்ணெய் தெறித்து, வலது முன்கையில் உள்ளங்கை அளவுக்குப் பளபளவென்று ஒரு திட்டு. அடுத்த மாதம் மகன் திருமணப் பதிவு. நானும் கையெழுத்து இடும்போது படம் எடுப்பார்கள். மேலே சொன்ன வளைவு முறையே இதற்கும் போதுமா? அப்படியே என் பிசிஜி ஊசித் தழும்பையும் எடுக்கலாமா? ரவிக்கைக் கை குட்டை.

ஒளியச்சு | வியாழன், பிற்பகல் 2.10

போதாது அம்மா. உங்களுடையது அந்தப் பெண்ணுடையதற்கு நேர் எதிரானது. அவளுக்கு நிறம் போயிருக்கிறது, தோல் இருக்கிறது. உங்களுக்கு நிறம் பெரும்பாலும் இருக்கிறது, தோலின் அமைப்பு போயிருக்கிறது. தீப்பட்ட தழும்பில் மயிர்க்கால் குறைவு, மயிரும் குறைவு. அதனால்தான் வெளிச்சம் சிதறாமல் கண்ணாடிபோல் திரும்புகிறது, பளபளக்கிறது. வளைவை எவ்வளவு ஆட்டினாலும் இல்லாத மயிர்க்கால் வராது.

அதனால் முதல் வேலை மினுக்கத்தைத் தணிப்பது, இரண்டாவது வேலை தோலைக் கடன் வாங்குவது. முதலில் அந்த வெண்மினுக்கத்தின் மேல் பக்கத்துத் தோலின் நிறத்தை `Darken` நிலையில் இலேசாகப் பூசினால், தோலைவிட வெளிச்சமான புள்ளிகள் மட்டும் அடங்கும். பிறகு முன்கையின் அதே பக்கத்திலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டும், பூனைமயிர் விழும் திசை மாறாமல். உள்ளங்கை அளவு என்பதால் ஒரே துண்டாக எடுத்தால் நகல் என்று காட்டிக்கொடுத்துவிடும். நான்கைந்து இடங்களிலிருந்து சிறு சிறு துண்டுகள்.

எடுக்க இடமே இல்லையென்றால் தோலைச் செயற்கையாகவும் உண்டாக்கலாம். நடுச்சாம்பல் நிரப்பிய அடுக்கில் ஒரே நிற இரைச்சல் போட்டு, ஒரு பிக்சல் அளவு மங்கலாக்கி, `Emboss` செய்து, `Soft Light` ஆக்குவது. `Emboss` கோணம் படத்தின் வெளிச்சம் வரும் திசையோடு பொருந்த வேண்டும். மாறினால் குழிகள் மேடாகத் தெரியும். கட்டை விரல் அளவுக்கு இது ஏமாற்றும். உள்ளங்கை அளவுக்கு ஏமாற்றாது, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும்.

அதைவிட எளிது, எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்வது. பக்கவாட்டு வெளிச்சம் மேடுபள்ளத்தைக் கூட்டும். வெளிச்சம் முன்னாலிருந்து அகலமாக வந்தால் தழும்பு பாதி அடங்கிவிடும்.

பிசிஜியை விடுங்கள் அம்மா. இந்நாட்டில் பிறந்தவர்களில் அது இல்லாத கையைத்தான் தேட வேண்டும்.

செந்தூல்_சரஸ் | வியாழன், பிற்பகல் 2.45

அம்மணி அக்கா, பளபளப்புக்கு மேட் ப்ரைமர் ஒரு சொட்டு போதும், கணினியே வேண்டாம். பதிவுத் திருமணத்துக்குப் பினாங்கு வந்து செய்து தருவேன், பஸ் செலவு மட்டும் கொடுங்கள்.

பாகான்_படக்காரன் | வெள்ளி, இரவு 11.50

ராவிலிருந்து தொடங்கினேன். சாம்பல் இலைகள் வளைவிலேயே மறைந்தன. உள்ளே என் கண்ணால் மயிர்க்காலைப் பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது, உண்மையாகவே தோல் அங்கேயே இருந்திருக்கிறது. கோடுகளுக்குக் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து கடன் வாங்கினேன். இரண்டு சிக்கல்கள் மிச்சம். ஒன்று, தாடைக்குக் கீழே நிழல் விழும் பக்கத்தில் என் ஒட்டு வெளிறித் தெரிகிறது. இரண்டு, கழுத்து மடிப்பு இன்னும் நடுவில் அறுந்தே இருக்கிறது.

ஒளியச்சு | சனி, காலை 9.20

முதலாவது: 62ஐ 158ஆக்கும் வளைவு, 158 இருக்கும் இடத்துக்கு மட்டும் சரி. தாடை நிழலில் நல்ல தோலே 110 இருக்கலாம், அங்கே அதே வளைவு மிஞ்சிப் போகும். மாஸ்க்கின் மேல் சாம்பல் நிறத்தால் நிழல் பக்கம் நோக்கிப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை அடுக்கும், மிகச் செங்குத்தான ஒரு வளைவும் தற்காலிகமாக வையுங்கள். சாதாரணமாகத் தெரியாத திட்டெல்லாம் நிலப்படம்போல் எழும்பி நிற்கும்.

இரண்டாவது: மடிப்பைக் குளோன் செய்யாதீர்கள், வரையுங்கள். மடிப்பு என்பது ஒரு கோடு அல்ல, மேலே மெல்லிய நிழல், கீழே மெல்லிய வெளிச்சம். நடுச்சாம்பல் அடுக்கை `Soft Light` வைத்து, 3 விழுக்காடு ஓட்டத்தில் கறுப்பால் ஒரு முறை, அதற்கு ஒட்டினாற்போல் வெள்ளையால் ஒரு முறை.

இன்னொன்று. 8ஆர் என்பது 8க்கு 10 அங்குலம், 300 புள்ளியில் 2400க்கு 3000 பிக்சல். இடுப்பளவுப் படத்தில் அந்தக் கழுத்து ஓர் அங்குலம்தான் வரும். மயிர்க்காலை 200 விழுக்காடு பெரிதாக்கி நள்ளிரவு வரை பார்க்க வேண்டாம். பாட்டியின் கண்ணுக்கு முதலில் படப்போவது நிறமும் நிழலும். ஒரு 4ஆர் சோதனை அச்சு எடுத்துக் கடை வாசல் வெயிலில் பாருங்கள்.

வேகவிரல் | சனி, காலை 9.41

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் பத்து நிமிடமே போதும் என்றாகியிருக்கும்.

ஒளியச்சு | சனி, காலை 9.44

எலும்புக்கூடு 4ஆரிலும் தெரியும் தம்பி.

ஓய்வு_ஆசிரியர் | சனி, காலை 10.30

ஓர் ஐயம். இதே முறையில் கடப்பிதழ்ப் படத்திலும் எடுத்துவிட்டால்?

ஒளியச்சு | சனி, காலை 10.52

கூடாது ஐயா. அது ஆளை அடையாளம் காட்டும் படம். கழுத்தில் இருப்பது படத்தில் இல்லையென்றால் கவுன்ட்டரில் பதில் சொல்ல வேண்டியவர் அதை வைத்திருப்பவர்தான். கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பாகான்_படக்காரன் | திங்கள், இரவு 8.05

சோதனை அச்சு வெயிலில் இலேசாகச் சாம்பல் பூத்திருந்தது. எண்களைப் பார்த்தால் ஒட்டில் நீலம் 97, பக்கத்தில் 88. நீல வளைவை மட்டும் இறக்கினேன், சரியாகிவிட்டது. கடைசியாக முழு ஒட்டுக்கும் 1.5 விழுக்காடு இரைச்சல் சேர்த்தேன். 8ஆர் அச்சாகிவிட்டது.

இன்று தாய் வந்து வாங்கினார். வெகு நேரம் பார்த்தார். நான் மடிப்பைத்தான் பார்க்கிறார் என்று பயந்தேன். "எல்லாம் சரிதான் தம்பி, அவள் மச்சம் எங்கே?" என்றார். காதுக்குக் கீழே பிறந்ததிலிருந்து ஒரு மச்சம் இருந்ததாம். பாட்டி அதைத் தொட்டுத்தான் கொஞ்சுவாராம். இலை ஒன்றுக்குள் இருந்த கறுப்புப் புள்ளியை மை என்று நினைத்து நானே எடுத்திருக்கிறேன். எந்த இலை என்று இப்போது நினைவில்லை.

ஒளியச்சு | திங்கள், இரவு 8.31

ராவைத் திறந்து அந்தச் சாம்பல் இலைகளை மட்டும் பாருங்கள். மச்சம் பழுப்பு, மை நீலக்கறுப்பு. சாம்பலைத் தூக்கிய பிறகு ஏதாவது புள்ளி சிவந்த பழுப்பாக மிஞ்சினால் அதுதான். மேடான மச்சமாக இருந்தால் ஒரு பக்கம் சின்ன வெளிச்சப் புள்ளியும் இருக்கும். அங்கே மாஸ்க்கில் ஓட்டை போட்டால் தானே திரும்பி வரும்.

பாகான்_படக்காரன் | திங்கள், இரவு 9.15

இரண்டு புள்ளிகள் பழுப்பாக இருக்கின்றன. எது என்று தெரியவில்லை. தாய் நாளைக்குப் பள்ளிக்கூடப் படம் ஒன்றைக் கொண்டுவருகிறார்.